பதினோராம் பரிந்துரைக்குப் பச்சை இல்லை

சட்டமன்றத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். எவ்வளவு தடித்த அறிக்கையைக் கொடுத்தாலும் வெட்டிச் சுருக்கி, ஓர் உறுப்பினர் காபி ஆறுவதற்குள் படித்து முடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிடுவாள். வருஷக்கணக்கில் உட்கார்ந்து அறிக்கை எழுதியவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் முழு அறிக்கையின் அட்டையைத் தாண்ட மாட்டார்கள் என்பது அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்காரருக்குக்கூடத் தெரியும். அவர்கள் படிப்பதெல்லாம் சுருக்கத்தைத்தான்.

அவள் மேஜையில் எப்போதும் மூன்று பென்சில்கள் கிடக்கும். சட்டச் சீர்திருத்த ஆணையம் என்ன கோளாறு இருக்கிறது என்று சொல்கிற இடத்தில் சிவப்புக் கோடு. அதற்கு என்ன செய்யலாம் என்று சொல்கிற இடத்தில் நீலம். அறிக்கையின் கடைசியில், சட்டமாகவே நிறைவேற்றிக்கொள்ளத் தோதாக எழுதிச் சேர்த்திருக்கும் வரைவு விதிகளில் பச்சை. பிறகு மூன்றையும் மூன்று பத்திகளாகப் போட்டு அட்டவணை ஆக்குவாள்: குறை, பரிந்துரை, வரைவு விதி. ஒன்றோடொன்றைக் கலக்கக் கூடாது என்பதில் அவள் பிடிவாதக்காரி. ஆணையம் பரிந்துரைத்துவிட்டது என்பதாலேயே அது வரைவில் இருப்பதாக எழுதிக்கொண்டு வருகிறவர்களை அவள் பார்க்கிற பார்வையில் பால் திரிந்துவிடும். ஆசைப்பட்டதெல்லாம் சட்டமாகாது, வரைவில் எழுதியது மட்டும்தான் சட்டமாகும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் மேஜைக்குத்தான் அந்த அறிக்கை வந்தது. குற்றம் சாட்டப்பட்டு, மனநிலை சரியில்லாததால் விசாரணையை எதிர்கொள்ள முடியாதவர்கள் என்று நீதிமன்றம் ஒதுக்கிவைத்த ஆட்களைப் பற்றியது. அட்டையைப் பார்த்ததுமே அவள் எழுந்துபோய், எனக்கு இது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவளுடைய அண்ணன் அப்படி ஒதுக்கிவைக்கப்பட்ட ஆள். இளவயதில் காதுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பித்து, ஒரு நாள் கடைத்தெருவில் கல்லெடுத்துக் கண்ணாடிக் கடை ஒன்றின் முகப்பை உடைத்துவிட்டான். நல்ல புத்தியோடு உடைத்திருந்தால் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்திருப்பான். புத்தி சரியில்லாததால் விசாரணை நடத்த முடியாது, குணமாகும்வரை மருத்துவமனையின் பூட்டிய வார்டில் இருக்கட்டும் என்று நீதிபதி எழுதிவிட்டார். பதினேழு வருஷம் ஆகிறது. எப்போது விடுவீர்கள் என்று மருத்துவமனையைக் கேட்டால் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்பார்கள். நீதிமன்றத்தில் கேட்டால் குணமாகிவிட்டான் என்று மருத்துவர் எழுதித்தரட்டும் என்பார்கள். எந்த மருத்துவரும் குணமாகிவிட்டான் என்று எழுத மாட்டார், ஏனென்றால் அது குணமாகிற நோய் இல்லை, மாத்திரையில் அடங்கி இருக்கிற நோய். குரல்கள் எப்போதோ அடங்கிவிட்டன. அவன் வார்டில் மற்றவர்களுக்குத் தட்டு கழுவிக் கொடுத்துக்கொண்டு சாதுவாக இருக்கிறான்.

அலுவலகத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. அண்ணன் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால் வெளியூரில் வேலை என்று சொல்லிவிடுவாள். ஆரம்பத்தில் வெட்கத்தில் சொன்ன பொய், பிறகு பழகிப்போய் அவளே பாதி நம்பத் தொடங்கியிருந்தாள். இந்த அறிக்கை வந்தபோதும் அந்தப் பொய்யைத்தான் காப்பாற்றினாள். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. இதை வேறு யாரும் தன்னைப்போல் ஒழுங்காகச் சுருக்க மாட்டார்கள் என்று உண்மையாகவே நினைத்தாள். அந்தக் கர்வத்தையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

குறைகளைச் சொல்லும் அத்தியாயத்தில் அவளுக்கு ஒரு அடி விழுந்தது. ஆணையத்தார் மருத்துவமனைகளுக்குப் போய்ப் பார்த்த ஆட்களைப் பெயர் சொல்லாமல் விவரித்திருந்தார்கள். அதில் ஒரு பத்தி: கடையொன்றின் கண்ணாடியை உடைத்த குற்றச்சாட்டில் வந்தவர், பதினேழு ஆண்டுகளாக உள்ளே இருக்கிறார், அதிகபட்சத் தண்டனையைப்போல் பல மடங்கு காலம் கழித்துவிட்டார், பார்க்கப்போனவர்களிடம் கண்ணாடிக்காரர் இன்னும் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டார். அவள் சிவப்புப் பென்சிலை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அண்ணன் அவளிடமும் ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்வி அது.

ஒரு சுருக்கத்தில் குறைக்கு ஓர் உதாரணம் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பிரிவின் வழக்கம். கண்ணாடி உடைத்தவரைவிட நல்ல உதாரணம் அந்த அறிக்கையில் இல்லை. அவள் அதை விட்டுவிட்டு, சைக்கிள் திருடிய வேறொருவரைப் போட்டாள். தன் கை எங்கேயும் தெரிந்துவிடக் கூடாது என்ற பயம்.

பரிந்துரைகளுக்கு வந்தாள். பத்தாவது, இப்படி விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று தீர்மானிக்கப்படும் ஒருவரை நீதிமன்றம் ஆறு மாதத்துக்கொரு தடவை வரவழைத்துப் பார்க்க வேண்டும், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலம் முடிந்ததும் விட்டே ஆக வேண்டும் என்றது. பதினோராவது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் இது பொருந்த வேண்டும், சட்டம் வந்த ஆறு மாதத்துக்குள் அவர்களுக்கு முதல் மறுஆய்வு நடக்க வேண்டும் என்றது. அவள் இரண்டுக்கும் நீலக்கோடு போட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், சொல்லக் கூடாது என்று நினைத்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவன் வரப்போகிறான் என்று சொல்லவில்லை, வருவதற்கு வழி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் சொன்னாள். அம்மாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் காதில் ஏறவில்லை. மறுநாளே அவனுக்கு எந்த அறையைக் கொடுப்பது என்று ஆரம்பித்துவிட்டாள்.

பச்சைப் பென்சிலோடு வரைவு விதிகளுக்குப் போனபோதுதான் விஷயம் வெளிச்சமானது. நாலாவது பிரிவு, ஒருவர் தகுதியற்றவரா என்று தீர்மானிக்கப் புதிய முறை ஒன்றை உண்டாக்கியது. ஆறாவது பிரிவு, "நாலாவது பிரிவின்படி தகுதியற்றவர் எனத் தீர்மானிக்கப்பட்டவர்" எவருக்கும் மறுஆய்வும் விடுதலையும் உண்டு என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் அண்ணன் நாலாவது பிரிவின்படி தீர்மானிக்கப்பட்டவன் இல்லையே. பழைய சட்டத்தில் உள்ளே போனவன். புது வாசலில் நுழைந்தவர்களுக்குத்தான் புது வாசலில் வெளியே போகிற உரிமை. பழையவர்களையும் சேர்க்க ஒரு தனி விதி எழுதியிருக்க வேண்டும். அவள் வரைவை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி படித்தாள். பிறகு வரைவின் பின்னிணைப்புகளையும் படித்தாள். பதினோராம் பரிந்துரைக்கு எங்கேயும் பச்சைக்கோடு போட இடமில்லை. எழுதியவர்கள் மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய மனிதர்களும் மறப்பார்கள்.

அறிக்கை கொடுத்த கையோடு ஆணையத்தின் பதவிக்காலம் முடிந்து ஆட்களும் கலைந்து போயிருந்தார்கள். கேட்டுத் தெளிவதற்கு ஆள் இல்லை. அரசாங்கமோ வரைவை அப்படியே எடுத்து மசோதாவாக்கிச் சட்டமன்றக் குழுவுக்கு அனுப்பிவிட்டது. பொதுமக்கள் கருத்துச் சொல்வதற்கான கெடுவும் தாண்டியிருந்தது. தங்கை என்ற முறையில் அவள் ஒரு மனு போட்டிருக்கலாம். வெளியூரில் வேலை பார்க்கிற அண்ணனுக்கு எப்படி மனு போடுவது? மிச்சம் இருந்தது சுருக்கம் ஒன்றுதான்.

அட்டவணையின் பதினோராம் வரிசையில், மூன்றாவது கட்டத்தில் அவள் எழுதினாள்: இதற்கு வரைவில் விதி இல்லை.

அந்த ஒரு வரி போதும். குழுத் தலைவர் விரலை வைத்து ஏன் இல்லை என்று கேட்பார், அதிகாரிகள் விழிப்பார்கள், ஒரு விதி சேர்ந்துவிடும். இதைப்போல் முன்பு எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. சுருக்கத்தில் கருத்துச் சொல்லக் கூடாது என்ற விதியை இது மீறவும் இல்லை. இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்வது கருத்தாகாது.

ஆனால் கோப்பை அனுப்புவதற்கு முன்னால் மறுபடி படித்தபோது, அந்த வரி மட்டும் உரக்கப் பேசுவதுபோல் அவளுக்குப் பட்டது. மற்ற கட்டங்களில் எல்லாம் பிரிவு எண்தான், இதில் மட்டும் ஒரு முழு வாக்கியம். இதை எழுதியது கத்தரிக்கோலா, தங்கையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வேறொருவர் சம்பந்தப்பட்ட அறிக்கையாக இருந்தால் கொஞ்சமும் யோசித்திருக்க மாட்டாள். யோசித்து யோசித்து, கடைசியில் அந்த வரியை அழித்துவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டாள். காலியாக இருப்பதும் இல்லை என்றுதானே அர்த்தம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் இதற்குத்தான் முதலிடம்.

அச்சுப் பிரிவில் காலிக் கட்டம் என்றால் யாரோ எதையோ விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அங்கே பக்கம் அமைக்கிற அம்மாள் பொறுப்பானவர், எதையும் ஓட்டையாக விட மாட்டார். மேலே பத்தாம் வரிசையில் "பிரிவு 6" என்று இருக்கிறது, கீழே பதினொன்று அதே மறுஆய்வைப் பற்றித்தான் பேசுகிறது, ஆகவே இரண்டு கட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து நடுவில் "பிரிவு 6" என்று அழகாக வைத்துவிட்டார். புரூஃப் வந்தபோதுதான் கத்தரிக்கோல் அதைப் பார்த்தாள். இப்போது அந்த அட்டவணை, ஆறாவது பிரிவு பழையவர்களையும் காப்பாற்றுகிறது என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தது.

பிரிவுத் தலைவரிடம் போனாள். அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். எந்த விவாதத்தையும் சரி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. அவள் புரூஃபைக் காட்டி, சேர்த்த கட்டத்தைப் பிரிக்க வேண்டும், விதி இல்லை என்று போட வேண்டும் என்றாள். அவர் ஆறாவது பிரிவைப் படித்தார். தகுதியற்றவர் எனத் தீர்மானிக்கப்பட்டவர் என்றுதானே இருக்கிறது, பழையவர்களும் தீர்மானிக்கப்பட்டவர்கள்தானே என்றார். அவள் நாலாவது பிரிவைக் காட்டி விளக்கினாள். சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் இரண்டு விதமாகவும் படிக்கலாம் போலிருக்கிறதே என்றார். இரண்டு விதமாகப் படிக்க முடியாது என்று அவள் குரலை உயர்த்தினாள். அவள் குரலை உயர்த்தி அவர் கேட்டதே இல்லை.

"உனக்கு என்னம்மா ஆச்சு? உக்காரு," என்றார்.

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லாம் வந்துவிட்டது. அண்ணன், கல், கண்ணாடி, பதினேழு வருஷம், வெளியூர் வேலை என்ற பொய். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தண்ணீர் எடுத்து அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

"ஆரம்பத்துலேயே சொல்லியிருந்தா வேற ஆள்கிட்ட குடுத்திருப்பேன். அவங்க 'இல்லை'ன்னு எழுதியிருந்தா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன்," என்றார். "நீயே முதல்ல எழுதினதை விட்டிருந்தாலும் போட்டிருப்பேன். இப்ப உங்க அண்ணன்னு தெரிஞ்ச பிறகு, நீ சொல்லி நான் எப்படிம்மா மாத்துறது?"

"நான் சொல்றது சரிதானே சார்?"

"சரியாத்தான் இருக்கும். அது வேற விஷயம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் கொடுமை. மசோதாவைப் பிடிக்காத உறுப்பினர்கள் குழுவில் இருந்தார்கள். உள்ளே இருக்கிற ஒருவனின் தங்கை தன் வசதிக்குச் சுருக்கத்தைத் திருத்தினாள் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், சுருக்கத்தோடு மசோதாவையும் சேர்த்துக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். அவர் தனக்குத் தெரிந்த நேர்மையான வழியைச் சொன்னார். கோப்பைப் பக்கத்து மேஜைப் பையனிடம் கொடுப்பது, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் முழுவதையும் புதிதாகச் சரிபார்க்கச் சொல்வது. அவன் கண்ணுக்கே பட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. அவள் அவனிடம் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவர் மேலதிகாரிகளுக்கு எழுதியனுப்ப வேண்டிவரும். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

பக்கத்து மேஜைக்காரனுக்கு அடிக்குறிப்பு என்று பெயர். எதைச் சொன்னாலும் கூடவே ஒரு துணுக்குத் தகவல் சேர்த்துச் சொல்வான். கெட்டிக்காரன்தான், ஆனால் அவசரக்காரன். அக்காவின் வேலை தனக்கு வந்ததில் அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம், அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் படாதபாடு பட்டான். அவள் தன் மேஜையில் விவசாயக் கிடங்குகள் பற்றிய வேறொரு அறிக்கையை விரித்துவைத்துக்கொண்டு, அவன் பக்கம் புரட்டுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். வரைவு விதிகள் மஞ்சள் காகிதத்தில் இருந்தன. மஞ்சள் பக்கங்களுக்கு வந்துவிட்டான் என்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. நாலாவது பிரிவில் கொஞ்சம் நின்றான். ஐந்தில் நிற்கவில்லை. ஆறில் நின்றான்.

நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"அக்கா, இந்த ஆறாம் பிரிவு ஏற்கெனவே உள்ள இருக்கறவங்களுக்கும் பொருந்தும்தானே?"

ஒரு வார்த்தை. இல்லைடா என்று ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கு நுனிவரை வந்தது. முற்றுப்புள்ளியின் கண்ணாடிக் கதவு திறந்துதான் இருந்தது, அவர் தலை தெரிந்தது. வேலை போய்விடும் என்று நினைத்தாள். மசோதாவே போய்விடும் என்றும் நினைத்தாள். இனிமேல் உள்ளே போகிறவர்களுக்கு இருக்கிற வழியும் தன்னால் அடைபட்டுப் போகும் என்று நினைத்தாள். எது முதலில் வந்தது என்று பின்னால் எத்தனை தடவை யோசித்துப் பார்த்தும் அவளால் சொல்ல முடியவில்லை. வேலைதான் முதலில் வந்திருக்கும் என்று பயந்தாள்.

"என்னைக் கேக்காதே. நீயே படிச்சுப் பாரு," என்றாள்.

கோப்பு கைமாறிய கோபத்தில் அக்கா முறுக்கிக்கொள்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். கத்தரிக்கோலே அனுப்பிய அட்டவணையில் பிரிவு ஆறு என்று இருக்கிறபோது தான் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். கட்டம் சேர்ந்தபடியே இருந்தது. அவன் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். சைக்கிள் திருடியவர் அவ்வளவு உருக்கமாக இல்லை என்று எடுத்துவிட்டு, கண்ணாடி உடைத்தவரைப் போட்டான். தேர்ந்தெடுத்த உதாரணத்துக்காக முற்றுப்புள்ளியிடம் பாராட்டுக்கூட எதிர்பார்த்தான். அவர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் பேனாவை மூடிவைத்து, பிறகு மறுபடி திறந்து கையெழுத்துப் போட்டார்.

குழுக் கூட்டத்தில் எல்லோரும் உருகிவிட்டார்கள். ஒரு கண்ணாடிக்காகப் பதினேழு வருஷமா என்று தலைவர் கேட்டார். மசோதாவைப் பிடிக்காதவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். ஓர் உறுப்பினர் மட்டும், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு என்ன வழி என்று கேட்டார். தலைவர் சுருக்கத்தைப் புரட்டி, பதினோராம் பரிந்துரை, பிரிவு ஆறு என்று படித்தார். கேட்டவர் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். கத்தரிக்கோல் சுவரோரம் அதிகாரிகள் வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் இருப்பவர்கள் கேட்டால் மட்டும்தான் பேசலாம். அவளை யாரும் கேட்கவில்லை.

மசோதா நிறைவேறிய அன்று அவள் வீட்டில் அம்மா டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அமைச்சர் குரல் தழுதழுக்கக் கண்ணாடி உடைத்த மனிதரைப் பற்றிப் பேசினார். இனி அவருக்கு நேர்ந்தது இந்த நாட்டில் எவருக்கும் நேராது என்றார். அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நம்ம பையனைத்தானேடி சொல்றாரு?"

அவனைத்தான் என்றாள் மகள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டைக் காலி பண்ண வேண்டும் என்று எழுந்து போனாள். அமைச்சர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இனி எவருக்கும் நேராதுதான்.

சட்டம் அமலுக்கு வந்ததும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அரசிடம் விளக்கம் கேட்டிருந்தார். நாலாவது பிரிவின்படி வந்தவர்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. கத்தரிக்கோல் ஒரு வக்கீலிடம் போனாள். அவர் சட்டத்தையும் அறிக்கையையும் வாங்கிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முன்பு விடுவிப்பதைப் பற்றிச் சட்டத்தில் எதுவுமே இல்லாதபோது நீதிபதி மனமிரங்கி ஏதாவது செய்திருக்கலாம், இப்போது எந்தப் பிரிவில் கேட்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார் என்றார். அதைவிட மோசம் இன்னொன்று இருந்தது.

"ஆணையம் பழையவங்களையும் சேக்கச் சொல்லியிருக்கு. சட்டமன்றம் அதைப் பாத்துட்டு சட்டத்துல வைக்காம விட்டிருக்கு. அப்படின்னா வேணும்னேதான் விட்டாங்கன்னு எதிர்த்தரப்பு வாதாடும். நான் அந்தப் பக்கம் நின்னாலும் அதைத்தான் சொல்வேன்," என்றார். ஆனாலும் மனு போட்டுப் பார்ப்போம், வருஷக்கணக்காகும் என்றும் சொன்னார்.

அண்ணனைப் பார்க்கப் போனபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வார்டு வராந்தாவில் ஏதோ பரபரப்பு. வாட்டசாட்டமான ஓர் இளைஞன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நின்றான், அவனுடைய அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நாலாவது பிரிவின்படி வந்தவன். முதல் மறுஆய்விலேயே நீதிபதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வந்த புதிதில் சாப்பிட மறுத்தபோது அவனுக்கு ஊட்டிவிட்டது அண்ணன்தான் என்று நர்ஸ் சொன்னாள். அண்ணன் அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தான். வார்டு கேட் வரைக்கும்தான் அண்ணன் போகலாம், அங்கே தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். கோட்டில் நின்று பையைக் கொடுத்தான். அந்தப் பையன் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.

கதவு மூடியதும் அண்ணன் திரும்பி வந்து தங்கை பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். முடி முன்பக்கம் முழுக்க நரைத்துவிட்டது. கேட்டைக் கையால் காட்டினான்.

"அவன் எனக்கு அப்புறம் வந்தவன்தானே?" என்று கேட்டான்.

"ஆமாண்ணா."

அவன் புரிந்துகொள்ளப் பார்த்தான். வரிசையில் நின்று தட்டு வாங்கிப் பழகியவன் அவன். முன்னால் வந்தவனுக்கு முதலில் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே சட்டம். அவள் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்த்தாள். சிவப்பு, நீலம், பச்சை, அழித்த வரி, பக்கத்து மேஜைக்காரன் கேட்ட கேள்வி எல்லாவற்றையும். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அழுகைதான் வந்தது. அவன் அவசரமாக அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"அழாதடி. தப்பு என் மேலதான்," என்றான். "கண்ணாடிக்காரருக்கு இன்னும் கோவம் போகல போலிருக்கு."

பிறகு சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதென்று எழுந்து தட்டு கழுவப் போனான்.